பிறந்த நாளும் பிறந்த கணமும்: அயலக வயதுக் கணக்கீட்டில் நேர மண்டலமும் பிறப்பு நேரமும் (விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பிறந்து அயல்நாடுகளில் வாழ்வோரின் ஆவணங்களில் பிறந்த தேதி ஒரு நாள் முன்னதாகப் பதிவாகியிருப்பது உண்டு. இதற்கு நேர மண்டல வேறுபாடு காரணமாகச் சொல்லப்படுகிறது. பிறந்த தேதி என்பது ஒரு கணத்தைக் குறிப்பதன்று, பிறந்த ஊரின் நாள்காட்டியில் உள்ள ஒரு நாளின் பெயர் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. குடும்ப வழக்கு, பிறப்புப் பதிவேடு, கணினிப் பதிவு ஆகிய மூன்றும் நாளின் தொடக்கத்தை வெவ்வேறு இடத்தில் வைப்பதால் பிறழ்ச்சி எழுவதையும், அது வயதுக் கணக்கில் ஏற்படுத்தும் விளைவையும், அதன் மூலத்தைக் கண்டறியும் முறையையும் ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிறந்த தேதி, நாள் எல்லை, உதயாதி நாழிகை, நேர மண்டலம், பிறப்புப் பதிவு, வயதுக் கணக்கீடு

முன்னுரை

ஒருவரின் வயதைக் கணக்கிட இரண்டு தேதிகள் போதும். ஒன்று பிறந்த தேதி, மற்றொன்று வயது கேட்கப்படும் தேதி. பிறந்த ஊரிலேயே வாழ்பவருக்கு இவ்விரு தேதிகளும் ஒரே கடிகாரத்தைச் சார்ந்தவை. ஆதலால் ஐயத்திற்கு இடமில்லை. திண்டிவனத்தில் பிறந்தவர் டொராண்டோவிலோ பாரிசிலோ வாழும்போது இவ்விரு தேதிகளும் வெவ்வேறு கடிகாரங்களைச் சார்ந்தவை ஆகின்றன. அப்போது, “இந்தியாவில் வெள்ளிக்கிழமை அதிகாலையில் பிறந்தவர் இந்நாட்டுக் கணக்கில் வியாழக்கிழமை பிறந்தவர் அல்லரா?” என்னும் வினா இயல்பாக எழுகிறது. வானியல் நோக்கில் இவ்வினா பொருளுடையது. ஆவண நோக்கிலும் சட்ட நோக்கிலும் இதற்கு இடமில்லை. இவ்வேறுபாடு தெளிவாக உணரப்படாத இடங்களில்தான் பதிவான தேதி நகர்ந்துவிடுகிறது.

இக்கட்டுரையில் கையாளப்படும் நிகழ்வு விளக்கத்திற்காக அமைக்கப்பட்டது. அதில் வரும் நேரக் கணக்குகள் நடப்பிலுள்ள நேர மண்டலங்களின்படி செய்யப்பட்டவை.

நாள் எங்கே தொடங்குகிறது?

2004ஆம் ஆண்டு மார்ச் 12, வெள்ளிக்கிழமை, அதிகாலை 2.40 மணிக்குத் திண்டிவனத்தில் ஒரு குழந்தை பிறந்ததாகக் கொள்வோம். பிறப்புப் பதிவேட்டில் தேதி மார்ச் 12 என எழுதப்படும். வீட்டிலுள்ள மூத்தோரைக் கேட்டால், “வியாழக்கிழமை பின்னிரவு, விடிந்தால் வெள்ளி” என்பர். இரண்டு கூற்றும் சரியானவை. பதிவேட்டின் நாள் நள்ளிரவில் தொடங்குகிறது; வீட்டின் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது.

‘விடிந்தால்’ என்னும் சொல்லாட்சி இவ்விரு நாள் எல்லைகளையும் இணைப்பதற்குத் தமிழ் வழக்கு கண்ட வழியாகும். நள்ளிரவு கடந்தும் கதிர் எழாத பொழுது எந்தக் கிழமைக்குரியது என்னும் குழப்பத்தை அது நீக்கிவிடுகிறது. சாதகக் குறிப்பில் இதே செய்தி ‘உதயாதி நாழிகை’ என்னும் அளவால் குறிக்கப்படும். சூரிய உதயம் முதல் பிறப்பு வரை கழிந்த நாழிகைகளை அது எண்ணுகிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் வியாழக்கிழமை உதயம் காலை 6.20 மணி எனக் கொண்டால், பிறப்பு வரை 20 மணி 20 நிமிடம் கழிந்துள்ளது. அதாவது உதயாதி நாழிகை 50, விநாழிகை 50. அந்நாள் இன்னும் முடியவில்லை. எனவே சாதகம் ‘வியாழக்கிழமை’ என்றே எழுதும். பழைய குறிப்பேடுகளிலிருந்து ஆங்கிலத் தேதியைப் பின்னர் வருவிக்கும்போது கிழமையை மட்டும் கொண்டு மார்ச் 11 என எழுதிவிடும் வாய்ப்பு இங்கேதான் உண்டாகிறது. நாழிகை 45ஐத் தாண்டியிருக்குமாயின் பிறப்பு நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பின்னரோ நிகழ்ந்திருக்கும். அத்தகைய குறிப்புகளில் கிழமையை அப்படியே தேதியாக்காமல் நாழிகையை மணியாக மாற்றிப் பார்ப்பது இன்றியமையாதது.

நள்ளிரவும் தன்னளவில் இயற்கையான எல்லையன்று. 1906 முதல் இந்தியத் திட்ட நேரம் கிழக்கு நெடுவரை 82½ பாகையை அடிப்படையாகக் கொண்டது. திண்டிவனமும் விழுப்புரமும் அதற்கு மேற்கே ஏறத்தாழ மூன்று பாகை தள்ளி உள்ளன. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்னும் கணக்கில், இவ்வூர்களின் உண்மையான நள்ளிரவு கடிகார நள்ளிரவுக்கு 11 அல்லது 12 நிமிடம் கழித்தே வருகிறது. எனவே இரவு 12.05 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஊரின் இயற்கை நேரப்படி நாள் மாறியிருக்காது. பதிவேடு இதைக் கருதுவதில்லை. அது நாட்டின் கடிகாரம் காட்டும் தேதியையே ஏற்கிறது. பிறந்த தேதி ஒரு நிருவாகப் பெயர் என்பதற்கு இது முதற்சான்று.

பதிவேடு எதைப் பதிகிறது?

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பு 21 நாள்களுக்குள் தெரிவிக்கப்பட வேண்டும். இவ்வாறு வழங்கப்படும் பிறப்புச் சான்றிதழில் தேதி இருக்கும். பிறந்த மணி இராது. மணி மருத்துவமனைக் குறிப்பில் மட்டுமே தங்கிவிடுகிறது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்நாள் முதல் பிறந்தோர்க்குக் கல்வி நிலையச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல் முதலியவற்றில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே அயலகத்தில் காட்டப்படும் அடிப்படை ஆவணம் மணியற்ற தேதி ஒன்றையே கொண்டிருக்கும்.

இவ்விரு ஊர்களுக்கும் அண்மையிலுள்ள புதுச்சேரியின் பதிவு மரபு இதற்கு நேர்மாறானது. 1954 வரை அங்கு நிலவிய பிரெஞ்சு ஆட்சியின் குடிமைப் பதிவேடு பிரெஞ்சுக் குடிமைச் சட்டத் தொகுப்பைப் பின்பற்றியது. அத்தொகுப்பின் 57ஆம் பிரிவு பிறந்த நாள், மணி, இடம் ஆகிய மூன்றையும் பிறப்புப் பதிவில் எழுதக் கோருகிறது. ஆகவே புதுச்சேரியில் பிறந்து பிரான்சில் குடியேறிய ஒருவரின் பழைய பதிவில் மணியும் காணப்படும். அவருடைய திண்டிவனத்து உறவினரின் சான்றிதழில் அது இராது.

மணி எழுதப்பட்டிருப்பதால் மட்டும் பிரெஞ்சு முறை தேதியை மாற்றிக் கணக்கிடுவதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. அங்கும் மணி பிறந்த ஊரின் மணியே. நாள் பிறந்த ஊரின் நாளே. இரட்டையருள் முன்பிறந்தவரை அறிதல் போன்ற தேவைகளுக்கு மணி பயன்படுகிறது. வயது தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

எதிர்த் திசையிலும் இதே விதிதான். கனடாவில் இந்தியப் பெற்றோருக்கு மார்ச் 11 இரவு 8 மணிக்குக் குழந்தை பிறந்தால், விழுப்புரத்துத் தாத்தா, பாட்டிக்கு அது மார்ச் 12ஆம் நாள் காலையாகும். வீட்டுப் பேச்சில் 12 என்றே அது நிலைத்தும் விடலாம். இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியும்போது கனடாச் சான்றிதழிலுள்ள மார்ச் 11ஆம் தேதியே எழுதப்படும். இந்திய நேரத்திற்கு மாற்றி எழுதும் வழக்கம் இல்லை.

சட்டம் வயதை எண்ணும் முறை

1875ஆம் ஆண்டின் இந்திய உரிமைவயதுச் சட்டம் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. அதன் மூன்றாம் பிரிவின்படி பிறந்த நாள் ஒரு முழு நாளாகக் கணக்கில் சேர்க்கப்படும். அந்நாளின் பதினெட்டாம் ஆண்டு நிறைவு தொடங்கும்போதே ஒருவர் உரிமைவயதை அடைகிறார். அதிகாலை 2.40க்குப் பிறந்தவரும் அதே நாளில் இரவு 11.50க்குப் பிறந்தவரும் ஒரே நேரத்தில் உரிமைவயதை எய்துகின்றனர். பிறந்த மணி இங்கே வேண்டுமென்றே நீக்கப்பட்டுள்ளது. இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டின் குடும்பச் சட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவும் பிறந்த தேதியின் ஆண்டு நிறைவு தொடங்கும் நேரத்தையே வயது நிறைவாகக் கொள்கிறது.

இதனோடு சேர்த்துக் குழப்பக்கூடாத மற்றொரு ஒருநாள் வேறுபாடும் உண்டு. பிறந்த நாளையும் முழு நாளாக எண்ணினால், ஓர் ஆண்டு பிறந்தநாளுக்கு முந்தைய நாளின் முடிவில் நிறைவடைகிறது. பிரபு தயாள் செஸ்மா வழக்கில் (1986) இந்திய உச்சநீதிமன்றம் இக்கணக்கையே கொண்டது. 1956 சனவரி 2இல் பிறந்த விண்ணப்பதாரர் 1984 சனவரி 1இன் நள்ளிரவிலேயே 28 வயதை நிறைவு செய்துவிட்டார் என்பது அதன் முடிவு. மாதத்தின் முதல் நாளில் பிறந்த அரசுப் பணியாளர் முந்தைய மாதத்தின் இறுதி நாளில் ஓய்வு பெறும் விதியும் இவ்வகையைச் சார்ந்தது. இவை எண்ணும் முறையால் எழும் வேறுபாடுகள். பிறந்த தேதி இவற்றில் மாறுவதில்லை. நேர மண்டலத்திற்கும் இவற்றிற்கும் தொடர்பில்லை.

கணினிப் பதிவில் தேதி நகரும் விதம்

சட்டமும் பதிவேடும் தேதியை மாற்றாதபோது, அயலக ஆவணத்தில் அது நகர்வது பெரும்பாலும் கணினியின் உள்ளே நிகழ்கிறது. பல மென்பொருள்களில் தேதிக்கெனத் தனி வகை பயன்படுத்தப்படாமல், தேதியும் நேரமும் சேர்ந்த ‘கணம்’ என்னும் வகையே பயன்படுத்தப்படுகிறது. அதில் மார்ச் 12 என உள்ளிட்டால், மணி தரப்படாமையால் மென்பொருள் தானாக நள்ளிரவு 00.00 மணியைச் சேர்த்துக்கொள்கிறது. பின்னர் அக்கணத்தை உலகப் பொதுநேரத்திற்கு மாற்றிச் சேமிக்கிறது. இந்திய நேரம் உலகப் பொதுநேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே உள்ளதால், சேமிக்கப்படுவது முந்தைய நாளின் மாலை 6.30 மணியாகும். இந்திய நேரத்தில் அமைந்த கணினியில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதனைக் காணலாம். அம்மொழியில் மாதம் சுழியிலிருந்து எண்ணப்படுவதால் மார்ச் 2 எனக் குறிக்கப்படும்.

```
new Date(2004, 2, 12).toISOString()
// "2004-03-11T18:30:00.000Z"
```

இவ்விடையிலிருந்து நாளை மட்டும் வெட்டியெடுத்து மற்றோர் அமைப்புக்கு அனுப்பினால் பிறந்த தேதி மார்ச் 11 ஆகிவிடும். எதிர்வகைப் பிழையும் உண்டு. தேதியை உலகப் பொதுநேர நள்ளிரவாகக் கருதிச் சேமித்து, டொராண்டோவிலுள்ள கணினியில் உள்ளூர் நேரப்படி காட்டினால், அங்கே அது முந்தைய நாளின் மாலையாகத் தோன்றும். அதே பதிவை விழுப்புரத்தில் திறந்தால் காலை 5.30 மணி, மார்ச் 12 எனச் சரியாகவே தெரியும். இந்தியாவில் செய்யப்படும் சோதனையில் இப்பிழை வெளிப்படாமைக்கு இதுவே காரணம்.

முதியோரின் பதிவுகளில் இன்னும் நுட்பமான ஒரு நிலை உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை, இந்தியக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டிருந்தது. நேர மண்டல வரலாற்றை அறிந்த மென்பொருள் 1943 ஆகஸ்டு 15இன் நள்ளிரவை ஆறரை மணி கழித்து, முந்தைய நாள் மாலை 5.30 எனச் சேமிக்கும். அவ்வரலாற்றை அறியாத மற்றொரு மென்பொருள் அதனோடு ஐந்தரை மணியை மட்டும் கூட்டி, ஆகஸ்டு 14 இரவு 11 மணி எனப் படிக்கும். இந்தியாவை விட்டு நகராத ஒருவரின் தேதியும் இவ்வாறு ஒரு நாள் பின்செல்ல இயலும்.

எடுத்துக்காட்டின் முழுக் கணக்கு

2004 மார்ச் 12 அதிகாலை 2.40 என்னும் கணம் பிற ஊர்களில் எப்படி இருந்தது என்று காணலாம். இலண்டனில் அது மார்ச் 11 இரவு 9.10, டொராண்டோவில் மார்ச் 11 மாலை 4.10, சிங்கப்பூரில் மார்ச் 12 காலை 5.10. இவற்றுள் எதுவும் பிறந்த தேதியைப் பாதிக்காது. கடவுச்சீட்டிலும் அயலக ஆவணத்திலும் மார்ச் 12 என்றே இருத்தல் வேண்டும்.

இப்பிள்ளை பெற்றோரின் கனடாக் குடியேற்ற விண்ணப்பத்தில் சார்ந்து வாழும் பிள்ளையாகச் சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். அந்நாட்டு விதிப்படி அத்தகையோர் 22 வயது நிரம்பாதவராகவும் மணமாகாதவராகவும் இருத்தல் வேண்டும். பொதுவாக முழுமையான விண்ணப்பம் பெறப்படும் நாளில் அவ்வயது நிலைநிறுத்தப்படுகிறது. அந்நாள் 2026 மார்ச் 11 எனில், சரியான பிறந்த தேதியின்படி அவருக்கு வயது 21, தகுதி உண்டு. கோப்பில் தேதி 2004 மார்ச் 11 என நகர்ந்திருந்தால் அன்றே அவருக்கு 22 நிரம்பிவிடும், தகுதி பறிபோகும். ஒரு நாளின் பிறழ்ச்சி குடும்பத்தைப் பிரிக்கவும் கூடும்.

இங்கு மணிநேர வாதமும் துணைசெய்யாது. 2026 மார்ச் 11 பிற்பகல் 2.30க்கே டொராண்டோவில் இருப்பவர், “திண்டிவனத்தில் 12ஆம் தேதி பிறந்துவிட்டது” எனக் கூறலாம். பிறந்த கணத்திலிருந்து 22 ஆண்டு எண்ணுபவர் அன்று மாலை 5.10 என்பார். பிறந்தபோது 4.10 ஆக இருந்த டொராண்டோ மணி இப்போது 5.10 ஆவது, 2026இல் அந்நாளுக்குள் கோடைக்கால நேரம் தொடங்கிவிடுவதால் ஆகும். ஒரே பிறப்புக்கு இவ்வாறு பல விடைகள் கிடைப்பதே, வயதைக் கணத்தைக் கொண்டு எண்ணாமல் தேதியைக் கொண்டு எண்ணுவதன் காரணத்தை விளக்குகிறது. விண்ணப்பத்தைப் பெறுபவர் இரண்டு தேதிகளை ஒப்பிடுகிறார். இரண்டு கணங்களை அல்ல.

பிறழ்ச்சியின் மூலத்தைக் கண்டறிதல்

வேறுபாட்டின் அளவே முதற்குறிப்பு. வேறுபாடு பல மாதங்களாக இருப்பின் பள்ளிச் சேர்க்கைக்காக எழுதப்பட்ட தேதியை ஐயுறலாம். நாளும் மாதமும் இடம் மாறியிருப்பின், எடுத்துக்காட்டாக மார்ச் 12 என்பது டிசம்பர் 3 ஆகியிருப்பின், அது எழுதும் வரிசையின் பிழை. சரியாக ஒரு நாள் பின்தள்ளியிருக்கும்போதுதான் நாள் எல்லை பற்றிய ஆய்வு தேவைப்படும்.

அடுத்து, பிறந்த மணியை மருத்துவமனைக் குறிப்பிலோ சாதகத்திலோ காண வேண்டும். பிறப்பு நண்பகலில் நிகழ்ந்திருந்தால் உதய வழக்கு காரணமாகாது. உலகப் பொதுநேரப்படியும் தேதி மாறாது. அந்நிலையிலும் தேதி பின்சென்றிருப்பின் மென்பொருள் சேர்த்த கற்பனை நள்ளிரவே பெரும்பாலும் காரணம். அதே வழியாகப் பதியப்பட்ட உடன்பிறந்தோர் அனைவரின் தேதியும் ஒரு நாள் குறைந்திருந்தால் இம்முடிவு உறுதியாகும். உண்மையான மணியைக் கொண்டு மாற்றியிருந்தால் அதிகாலையில் பிறந்தவரின் தேதி மட்டுமே மாறியிருக்கும். கற்பனை நள்ளிரவோ எல்லாரையும் ஒன்றுபோல் பின்தள்ளுகிறது.

அதிகாலைப் பிறப்புகளில் மட்டும் ஒரு பொருத்தம் ஆய்வாளரை மயக்கக்கூடும். உலகப் பொதுநேரத்தின் நாள் இந்தியாவில் காலை 5.30க்குத் தொடங்குகிறது. விழுப்புரம் வட்டாரத்தில் சூரிய உதயம் பருவத்திற்கேற்ப ஏறத்தாழ ஐந்தே முக்கால் மணிக்கும் ஆறரை மணிக்கும் இடைப்பட்டது. எனவே உலகப் பொதுநேரத் தேதியும் வீட்டார் சொல்லும் ‘முந்தைய நாளும்’ பெரும்பாலும் ஒன்றாகவே அமையும். பாட்டி சொன்ன வியாழக்கிழமையும் அயலகக் கோப்பிலுள்ள மார்ச் 11உம் ஒத்துப்போவதைக் கண்டு, பதிவேட்டின் மார்ச் 12 தவறு என முடிவுசெய்தல் எளிது. இரண்டும் தனித்தனிக் காரணங்களால் ஒரே நாளில் வந்து நின்றவை. ஒன்று மற்றொன்றுக்குச் சான்றாகாது.

மூலம் தெளிந்த பின் திருத்த வேண்டிய இடமும் தெளிவாகும். பிறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பதிவேட்டிலுள்ள தவறான பதிவைத் திருத்த வழி செய்கிறது. அயலகக் கணினியில் நகர்ந்த தேதிக்காக அப்பிரிவை நாடுவது பொருந்தாது. சரியான பதிவேட்டைப் பிழையான கோப்புக்கேற்ப மாற்றினால், கடவுச்சீட்டு, பள்ளிச் சான்று ஆகியவற்றுடன் புதிய முரண்பாடே தோன்றும். பிறப்புச் சான்றிதழைக் காட்டி அயலகக் கோப்பைத் திருத்தக் கோருவதே உரிய வழி. அதனுடன் பிறந்த மணியை நேர மண்டலம் மாற்றி விளக்கும் கடிதம் எதையும் இணைக்க வேண்டியதில்லை; அது தேதி உண்மையிலேயே ஐயத்திற்குரியது என்னும் எண்ணத்தை உண்டாக்கிவிடும்.

தொகுப்புரை

• பிறந்த தேதி பிறந்த ஊரின் கடிகாரப்படி அமைந்த நாளின் பெயர். அது எந்த நாட்டிற்குச் சென்றாலும் நேர மாற்றத்திற்கு உட்படாது.

• பிறந்த மணி சாதகத்திற்கும், புதுச்சேரியின் பிரெஞ்சு மரபுப் பதிவேட்டிற்கும் உரிய செய்தி. வயதுக் கணக்கில் சட்டம் அதைச் சேர்ப்பதில்லை.

• உதயத்தில் தொடங்கும் வீட்டு நாளும், நள்ளிரவில் தொடங்கும் பதிவேட்டு நாளும், உலகப் பொதுநேரத்தால் அளக்கப்படும் கணினி நாளும் அதிகாலைப் பிறப்புகளில் முரண்படுகின்றன.

• அயலக ஆவணத்தில் ஒரு நாள் குறைந்திருப்பின், பிறந்த மணியையும் உடன்பிறந்தோர் தேதிகளையும் ஒப்பிட்டு மூலத்தை அறியலாம். பிழை கோப்பில் இருப்பின் திருத்தமும் கோப்பிலேயே செய்யப்பட வேண்டும்.